டிசைன், சிமுலேஷன் படிக்கும் மாணவருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? வாங்கும் முன் அளந்து பார்க்கும் முறை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் கோவையில் ஒரு பட்டறையில் வரைவாளராக வேலை பார்த்தேன். கல்லூரி திறக்கும் மாதங்களில் கடைக்கு வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பையன் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான், கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்தான் வாங்க வேண்டுமாமே?" கேட்பவர் அப்பா. பக்கத்தில் மகன், ஏற்கெனவே மாடலைத் தேர்ந்தெடுத்துவிட்ட முகத்தோடு நிற்பான்.

ஆம், இல்லை என்று வாயால் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். அளந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். அந்த ஒரு மணி நேர வேலையைத்தான் வரிசைப்படி எழுதுகிறேன். வரிசை முக்கியம். நான்காவது படிக்கு நேராகத் தாவியவர்கள் தவறான பொருளை வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டு முழுவதும் என் அக்கா மகளுடைய மடிக்கணினி. தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இன்டெல் ஐ5, பதினோராம் தலைமுறை, 8 ஜிபி ரேம், தனி கார்டு கிடையாது. "மாமா, இதை விற்றுவிட்டு கேமிங் லேப்டாப் வாங்கித் தரச் சொல்லுங்கள், அம்மா நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்று வந்து நின்றாள்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, பாடத்திட்டத்தில் உள்ள மென்பொருள்களின் பெயர்கள். அவற்றைத் துறையின் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். சீனியர் மாணவர்கள் தரும் பட்டியலில் அவர்கள் ஆசைப்பட்டதும் கலந்திருக்கும்.

இரண்டாவது, உண்மையான ஒரு கோப்பு. சீனியர் செய்த புராஜெக்டில் இருப்பதிலேயே பெரிய அசெம்பிளியை, அதாவது பல பாகங்களைச் சேர்த்துப் பொருத்திய மாடலை, பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கனசதுரத்தில் துளை போட்டுச் சோதித்தால் எந்தக் கணினியும் பறக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

மூன்றாவது, அந்த மென்பொருள் நிறுவப்பட்ட, தனி கார்டு இல்லாத ஒரு கணினி. சொந்தக் கணினி இல்லையென்றால் நண்பனுடையது, அதுவும் இல்லையென்றால் ஆய்வகத்தில் இருக்கும் பழையது. தனி கார்டு உள்ள கணினியில் சோதித்து "வேகமாக ஓடுகிறது" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது எதனால் வேகமாக ஓடுகிறது என்று அப்போது தெரியாது. அந்தக் கணினியில் ரேமும் இரு மடங்கு இருந்திருக்கும், பிராசசரும் புதிதாக இருந்திருக்கும்.

## 2. பட்டியலில் உள்ள வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்

மென்பொருளின் பெயரை வைத்துப் பிரிக்காமல், அது செய்யும் வேலையை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரே மென்பொருள் மூன்று வேலையும் செய்யலாம்.

திரையில் காட்டுவது ஒன்று. மாடலைச் சுழற்றுவது, பெரிதாக்குவது, வெட்டிப் பார்ப்பது எல்லாம் இதில் சேரும். இது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. ஆனால் அந்தச் சிப் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிராசசருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

கணக்குப் போடுவது இரண்டாவது. முப்பரிமாண மாடல் செய்யும் சாலிட்வொர்க்ஸில் ஒரு அளவை மாற்றியதும் மாடல் மீண்டும் உருவாவதும், சிமுலேஷன் மென்பொருளான ஆன்சிஸில் `Solve` அழுத்தியதும் நடப்பதும் இந்த வகை. இது பிராசசர், ரேம் இரண்டின் வேலை. கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் கிராபிக்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முடிவு வண்ணப் படமாக வருவதால் ஏற்படும் மயக்கம் அது.

மூன்றாவது ரெண்டரிங், அதாவது புகைப்படம்போல ஒளியும் நிழலும் சேர்த்துப் படமாக்குவது. இங்கே தனி கார்டு நிஜமாகவே உழைக்கும். மெக்கானிக்கல் மாணவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிகம். கட்டடக்கலை மாணவருக்கு அன்றாடம்.

அக்கா மகளின் பட்டியலை இப்படிப் பிரித்தபோது, ஆட்டோகேட் முதல் வகை, சாலிட்வொர்க்ஸ் முதலிரண்டும், ஆன்சிஸ் ஏறக்குறைய முழுக்க இரண்டாம் வகை. மூன்றாவது காலியாகவே இருந்தது.

## 3. சுழற்றிப் பாருங்கள்

பெரிய அசெம்பிளியைத் திறந்து, விண்டோஸின் `Task Manager`-ஐப் பக்கத்தில் வையுங்கள். `Performance` பகுதியில் `GPU 0`-ஐத் தேர்ந்தெடுத்தால் `3D` என்ற வரைபடம் தெரியும். சுட்டியின் நடுப்பொத்தானை அழுத்திப் பிடித்து, இருபது விநாடி மாடலை விடாமல் சுழற்றுங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும்.

சுழற்சி விட்டுவிட்டு நகர்கிறது, `3D` வரைபடமும் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது என்றால், திரையில் காட்டும் வேலையில் கிராபிக்ஸ் சிப் திணறுகிறது. விட்டுவிட்டு நகர்ந்தாலும் வரைபடம் 30, 40 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் சிக்கல் கிராபிக்ஸில் இல்லை. சிப் சும்மா காத்திருக்கிறது, பிராசசர்தான் அதற்கு வேலை அனுப்பத் தாமதிக்கிறது. அங்கே எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு போட்டாலும் அதுவும் காத்திருக்கும்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். `CPU` பக்கத்தைத் திறந்தால் 13 சதவீதம் என்று காட்டும். "பிராசசர் சும்மாதானே இருக்கிறது, அப்படியானால் கிராபிக்ஸ்தான் குறை" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த ஐ5-க்கு நான்கு கோர், விண்டோஸ் கண்ணுக்கு எட்டு. சாலிட்வொர்க்ஸ் ஒரு மாடலை மீண்டும் உருவாக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்தும், ஏனெனில் துளை, வெட்டு போன்ற ஒரு அம்சம் முடிந்த பிறகுதான் அதன் மேல் அமரும் அடுத்த அம்சத்தைக் கணக்கிட முடியும். எட்டில் ஒன்று முழுதாக உழைத்தால் 12.5 சதவீதம். ஆக, 13 என்பது சும்மா இருப்பதன் அடையாளம் அல்ல, ஒருவன் மூச்சு வாங்க ஓடுவதன் அடையாளம்.

இதை உறுதிப்படுத்த, சாலிட்வொர்க்ஸில் `Ctrl+Q` அழுத்துங்கள். மாடல் முழுவதும் மறுபடி உருவாகும். `Evaluate` பகுதியில் உள்ள `Performance Evaluation` எந்த அம்சம் எத்தனை விநாடி தின்றது என்று பட்டியலிடும். திருகுமரையை உண்மையாகவே செதுக்கி வைத்த போல்ட்டுகள்தான் பெரும்பாலும் பட்டியலின் தலையில் இருக்கும். போல்ட்டுக்கு மரை செதுக்காதீர்கள் என்று நான் சொன்னால் மாணவர்களுக்குக் கோபம் வருகிறது. பட்டியல் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

அக்கா மகளின் கோப்பு ஒரு கோ-கார்ட் வண்டி, இருநூற்றுச் சொச்சம் பாகங்கள். சுழற்றும்போது `3D` 97 சதவீதம், வண்டி தத்தித் தத்திச் சுழன்றது. "பார்த்தீர்களா மாமா" என்றாள். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கேமிங் லேப்டாப் வாங்கியிருப்போம்.

## 4. கார்டுக்கு முன் ரேமைப் பாருங்கள்

பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை, கணினியின் ரேமில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் அதற்குப் போகும் வழி ஒன்று. இரண்டு துண்டாக இருந்தால் வழி இரண்டு. 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒரு வழியில் விநாடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரண்டில் 51.2 ஜிபி. ஆட்டோகேட்டின் அண்மைப் பதிப்புகள் கிராபிக்ஸுக்குக் கேட்கும் அடிப்படை அளவு விநாடிக்கு 29 ஜிபி. ஒற்றைத் துண்டு அதற்குக் கீழே நிற்கிறது, இரண்டு துண்டு தாராளமாகத் தாண்டுகிறது. ஆட்டோகேட் பரிந்துரைக்கும் மேல் அளவு இதைவிட மிக அதிகம் என்பதும் உண்மை. ஆனால் கல்லூரிக் கோப்புகள் அந்த அளவுக்குப் போவதில்லை.

`Task Manager`-இல் `Memory` பக்கத்தில் `Slots used: 1 of 2` என்று இருந்தால் உங்களுடையது ஒற்றைத் துண்டு. பதினோராம் தலைமுறை இன்டெல்லில் இன்னொரு அடையாளமும் உண்டு. இரு வழி ரேம் இருந்தால்தான் கிராபிக்ஸின் பெயர் `Iris Xe` என்று வரும். ஒற்றை வழியானால் அதே சிப் `UHD Graphics` என்று காட்டும். பெட்டியின் மேல் ஐரிஸ் எக்ஸ்இ என்று அச்சிட்டிருக்கிறது, கணினியில் இல்லையே, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை, ஒரு துண்டு ரேம் குறைகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வீண் பயம், திரையமைப்பில் `Dedicated Video Memory 128 MB` என்று தெரிவது. கிராபிக்ஸுக்கு 128 எம்பிதான் இருக்கிறது என்று அதற்குப் பொருள் அல்ல. அது ஒதுக்கி வைத்த சிறு பங்கு. தேவைப்படும்போது ரேமில் ஏறக்குறைய பாதி வரை எடுத்துக்கொள்ளும்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் சேர்க்க முடியாது. அப்படிப்பட்டதை 8 ஜிபியில் வாங்கினால் நான்கு ஆண்டும் 8 ஜிபிதான். புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பு இதுதான்.

அக்கா மகளின் கணினியில் இன்னொரு 8 ஜிபி துண்டைச் செருகினோம். பெயர் `Iris Xe` என்று மாறியது. அதே கோ-கார்ட், அதே இருபது விநாடிச் சுழற்சி. வரைபடம் அறுபதுகளில் நின்றது, வண்டி தடங்கல் இல்லாமல் சுழன்றது. அவள் முகம்தான் கொஞ்சம் வாடியது.

## 5. சிமுலேஷன் ஓடும்போது எது உழைக்கிறது என்று பாருங்கள்

"சுழற்றுவது சரி மாமா, ஆன்சிஸுக்குக் கட்டாயம் வேண்டும்" என்றாள். சரி, அதையும் அளந்தோம்.

கோ-கார்ட்டின் ஸ்டீயரிங் நக்கிள், நிலைச் சுமைப் பகுப்பாய்வு. 3 மில்லிமீட்டர் கண்ணியில் மெஷ் போட்டு, அதாவது பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்தபோது, அந்தத் துண்டுகள் சேரும் புள்ளிகளான நோடுகள் சுமார் 33,000 வந்தன. 2 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஒன்றரை மடங்கு கூடும் என்று எதிர்பார்த்தாள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அந்த ஒன்றரை பெருகுவதால் மூன்று மடங்குக்கு மேல் போய், 1,11,000 ஆனது. ஒவ்வொரு நோடும் மூன்று திசையில் நகரலாம் என்பதால், தீர்க்க வேண்டிய சமன்பாடுகள் ஏறக்குறைய 3.3 லட்சம்.

நேரடித் தீர்வு முறையில் எல்லாவற்றையும் ரேமிலேயே வைத்துத் தீர்க்க, பத்து லட்சம் சமன்பாட்டுக்குச் சுமார் 10 ஜிபி என்பது நடைமுறைக் கணக்கு. நமக்கு 3.3 ஜிபி. 8 ஜிபி கணினியில் விண்டோஸும் ஆன்சிஸ் திரையும் திறந்திருக்கும் உலாவியும் ஏற்கெனவே பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சம் போதாது. அப்போது தீர்வு, தரவை எஸ்எஸ்டிக்கு எழுதி எழுதி எடுக்கும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. `Solution Information`-ஐத் திறந்து `Solver Output`-இல் தேடினால், `in-core memory mode` அல்லது `out-of-core memory mode` என்று எழுதியிருக்கும். இரண்டாவது வந்தால் ரேம் போதவில்லை. 8 ஜிபியில் அந்த நக்கிள் ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. 16 ஜிபியில் ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு முறையும் ஓட்டம் முழுக்க `GPU` வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தது. `Solve` அழுத்தும் முன் உலாவியை மூடியிருந்தால் முதல் ஓட்டமே கொஞ்சம் தேறியிருக்கும்.

ஆன்சிஸ் மாணவர் பதிப்பில் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்கு 1,28,000 நோடு என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைத் தொட்டால்கூடச் சமன்பாடுகள் 3.84 லட்சம், ரேம் தேவை 4 ஜிபிக்குக் கீழே. ஆக, மாணவர் பதிப்பு அனுமதிக்கும் வழக்கமான நிலைச் சுமைக் கணக்குகள் 16 ஜிபி கணினியில் அடங்கிவிடும். அதற்கு மேல் வன்பொருள் வாங்கினாலும் வரம்பு உங்களை விடாது. கல்லூரியின் முழு உரிமத்தில் இதைவிடப் பெரிதாகத் தீர்ப்பவர்கள் கல்லூரிக் கணினியில்தான் தீர்க்கப்போகிறார்கள்.

"கார்டு இருந்தால் ஆன்சிஸ் அதையும் பயன்படுத்துமே" என்று கேட்பார்கள். அமைப்பில் அந்த வசதி உண்டு. ஆனால் கட்டமைப்புத் தீர்வு பதினைந்து, பதினாறு இலக்கத் துல்லியத்தில், அதாவது இரட்டைத் துல்லியத்தில் நடக்கிறது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் விளையாட்டுக்குச் செய்தவை. ஒற்றைத் துல்லியத்தில் காட்டும் வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான் இரட்டைத் துல்லியத்தில் வரும். கடையில் சொல்லும் பெரிய எண் ஒற்றைத் துல்லியத்துக்கானது. இரட்டைத் துல்லியத்தில் அந்த மடிக்கணினியின் பிராசசரே பெரும்பாலும் கார்டை முந்திவிடும்.

## 6. தனி கார்டு உண்மையிலேயே வேண்டிய இடங்கள்

இதுவரை எழுதியதை வைத்து நான் கார்டுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று வாரந்தோறும் வருமானால் வாங்குங்கள்.

ஆன்சிஸ் டிஸ்கவரி. வடிவத்தை இழுக்க இழுக்க அழுத்தம் உடனே மாறிக் காட்டும் மென்பொருள் அது. அந்த உடனடிக் கணக்கு கிராபிக்ஸ் கார்டின் மேலேயே ஓடுகிறது. குறைந்தது 4 ஜிபி சொந்த நினைவகம் உள்ள தனி கார்டு கேட்கும், 8 இருந்தால் நல்லது.

மேட்லேபில் `gpuArray` பயன்படுத்தும் புராஜெக்ட். இதற்கு என்விடியா கார்டே வேண்டும், வேறு நிறுவனக் கார்டு உதவாது. வெறும் மேட்லேபும் சிமுலிங்கும் மட்டுமென்றால் கார்டு பற்றிய பேச்சே வேண்டாம்.

பிளெண்டர், லூமியன் போன்றவற்றில் ரெண்டரிங். சிவில் மாணவர் திட்ட வரைபடத்தோடு நின்றால் தேவையில்லை. கட்டடத்தைச் சுற்றிவரும் வீடியோ செய்பவரென்றால் தேவை.

அக்கா மகளுக்கு இறுதியாண்டில் டிஸ்கவரி ஒரு வாரம் தேவைப்படலாம். அந்த ஒரு வாரத்துக்கு ஆய்வகத்தில் கார்டு உள்ள கணினியைப் பேசி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

## 7. வாங்குவது என்று முடிவானால்

கார்டின் பெயரைவிட அதன் சொந்த நினைவகத்தைப் பாருங்கள். ரெண்டரிங்கில் காட்சி அதற்குள் அடங்காவிட்டால் வேகம் சரிந்துவிடும், சில நேரம் வேலையே நின்றுவிடும். 4 ஜிபி கார்டுக்குப் பணம் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

அடுத்தது சூடு. கார்டு உள்ள பல மடிக்கணினிகளில் பிராசசரும் கார்டும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், மெத்தை மேல் வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடம் தீர்வு ஓடிய பிறகு `Task Manager`-இல் `CPU` வேகத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் 4 ஜிகாஹெர்ட்ஸ் காட்டியது பாதிக்கு வந்திருந்தால், நீங்கள் காசு கொடுத்த பிராசசரில் பாதியைச் சூடு தின்கிறது.

எடை சின்ன விஷயம்போலத் தெரியும். தினமும் எல்லை தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரி போகும் பிள்ளைக்கு, இரண்டரைக் கிலோ கணினியும் செங்கல் போன்ற சார்ஜரும் சின்ன விஷயம் அல்ல.

## 8. வாங்கிய பிறகு: எந்தச் சிப்பில் ஓடுகிறது?

கார்டு வாங்கியும் வேகம் கூடவில்லை என்று திரும்பி வருபவர்களில் பலருக்குக் கார்டு தூங்கிக்கொண்டுதான் இருந்தது. கணினியில் இரண்டு சிப் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் உள்ளிருப்பதையே தேர்ந்தெடுத்துவிடலாம்.

`Settings > System > Display > Graphics` போய், `SLDWORKS.exe`-ஐச் சேர்த்து, `High performance` கொடுங்கள். மென்பொருளை மூடித் திறந்து மாடலைச் சுழற்றிக்கொண்டே `Task Manager`-இல் `GPU engine` நெடுவரிசையைப் பாருங்கள். `GPU 0`, `GPU 1` இரண்டில் தனி கார்டு எது என்று `Performance` பக்கம் பெயரோடு சொல்லும். என்விடியா என்றால் கட்டளைச் சாளரத்தில் இதை அடித்தும் பார்க்கலாம்:

```
nvidia-smi
```

கீழே வரும் பட்டியலில் உங்கள் மென்பொருளின் பெயர் இருக்க வேண்டும்.

சாலிட்வொர்க்ஸில் இன்னொரு இடம். எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டு, `System Options > Performance` பகுதியில் `Use software OpenGL` டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால் வரையும் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது. டிக்கை எடுத்துவிடுங்கள். கோப்பு திறந்திருந்தால் அந்தப் பெட்டி மங்கலாகி, மாற்ற விடாது. அதைப் பார்த்து "கார்டு கெட்டுவிட்டது" என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். கோப்பு எதுவும் திறக்காதபோதும் மங்கலாகவே இருந்தால், கார்டின் டிரைவரை உற்பத்தியாளர் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள்.

`RealView` பொத்தான் ஜிஃபோர்ஸ் கார்டில் இயங்காது. சாலிட்வொர்க்ஸ் சான்றளித்த தொழில்முறைக் கார்டுகளில்தான் அது வரும். கொஞ்சம் பளபளப்புக் குறையும், மதிப்பெண் குறையாது.

இத்தனையும் சரியாக இருந்தும் மந்தமாக ஓடினால், சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது இந்தக் கார்டுகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் மின்வெட்டு நேரத்தில் அளந்துவிட்டு மறுநாள் காலையில் பெட்டியோடு கடை வாசலில் நின்றவர்கள் இருவர்.